பெரிய அரங்கில் கிளிக்கர்: ரிசீவர் இயங்கும் விதமும் எட்டாத தூரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர் புள்ளி திரையில் பளிச்சென்று விழுகிறது. ஸ்லைடு மட்டும் நகரவில்லை. கருவி பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கிளிக்கர் என்று நாம் கையில் பிடிப்பது, ஒரே உறைக்குள் அடைக்கப்பட்ட இரண்டு தனித்தனிக் கருவிகள். ஒன்று லேசர், அது பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து ஒளியாக வெளியிடுவதோடு சரி, லேப்டாப்பில் செருகியிருக்கும் ரிசீவருக்கு அப்படி ஒன்று எரிவதே தெரியாது. மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் ஒரு சிறிய ரேடியோ. ஸ்லைடை நகர்த்துவது அது மட்டுமே. இரண்டும் பேட்டரியைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

லேசர் எட்டும் தூரத்தை வைத்து ரேடியோ எட்டும் தூரத்தை மதிப்பிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இத்தகைய கருவிகளில் லேசரின் ஆற்றல் பொதுவாக 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும்; ரேடியோவின் ஆற்றலும் பல கருவிகளில் ஏறக்குறைய அதே 1 மில்லிவாட்தான். ஆனால் லேசர் தன் ஆற்றல் முழுவதையும் ஒரு மெல்லிய கோடாகக் குவித்து அனுப்புவதால், 25 மீட்டர் தள்ளியும் அது சில சென்டிமீட்டர் அகலப் புள்ளியாகவே விழுகிறது. ரேடியோவோ எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. 25 மீட்டர் தொலைவில் அதே 1 மில்லிவாட் ஏறக்குறைய 7,850 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கோளத்தின் மேல் பூசப்பட்டதுபோல் மெலிந்துவிடுகிறது. அதில் விரல் நகம் அளவுள்ள ரிசீவரின் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். எனவே லேசர் திரையைத் தொடுவது, பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

லேப்டாப்பில் செருகும் அந்தச் சின்னத் துண்டு என்ன செய்கிறது? டிரைவர் எதுவும் நிறுவாமலே எப்படி இயங்குகிறது?

அது தன்னை ஒரு விசைப்பலகை என்று லேப்டாப்பிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. எல்லா இயங்குதளங்களிலும் யுஎஸ்பி விசைப்பலகைக்கான ஆதரவு ஏற்கெனவே இருப்பதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நீங்கள் முன்னோக்கிப் பொத்தானை அழுத்தும்போது ரிசீவர் `Page Down` விசையின் குறியெண்ணான `0x4E` என்பதையும், பின்னோக்கிப் பொத்தானை அழுத்தும்போது `Page Up` விசையின் `0x4B` என்பதையும் லேப்டாப்புக்கு அனுப்புகிறது. ஸ்லைடு மென்பொருளைப் பொறுத்தவரை யாரோ விசைப்பலகையில் அந்த விசையைத் தட்டியிருக்கிறார்கள். 20 மீட்டர் தள்ளி ஒருவர் மேடையில் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

ரேடியோப் பக்கம் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வோர் அழுத்தலும் ஒரு சிறிய தரவுப் பொட்டலமாகக் கிளம்புகிறது. அதில் ரிசீவரின் முகவரி, எந்தப் பொத்தான் என்ற குறிப்பு, பொட்டலத்தின் வரிசை எண், வழியில் சிதையவில்லை என்று சரிபார்ப்பதற்கான ஓர் எண் ஆகியவை இருக்கும். ரிசீவர் அதை முழுமையாகப் பெற்றால் ‘கிடைத்தது’ என்று ஒரு பதிலைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் வராவிட்டால் கைக்கருவி அதே பொட்டலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை மீண்டும் அனுப்பிப் பார்க்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு கைவிட்டுவிடும். இந்த மறுமுயற்சிகள் இருப்பதால்தான் சிக்னல் நலியத் தொடங்கும்போது நமக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பத்து முயற்சியில் ஒன்று போய்ச் சேர்ந்தாலும் ஸ்லைடு நகர்ந்துவிடும். அந்த ஒன்றும் போகாத இடத்தை எட்டியதும் எல்லாம் திடீரென்று நின்றுபோனதுபோல் தோன்றும்.

பெட்டியில் 30 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 15 மீட்டரிலேயே தடுமாறுகிறதே?

அந்த 30 மீட்டர், இடையில் தடையேதும் இல்லாத திறந்தவெளிக்கான அளவு. அங்கே ரிசீவரும் கைக்கருவியும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் வேறு ரேடியோ இரைச்சல் இருக்காது. அரங்கில் இந்த நிலைமைகளில் ஒன்றுகூட அமைவதில்லை.

இருப்பதில் பெரிய தடை மனித உடல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடலில் பெரும்பகுதி நீர். பேச்சாளர் பார்வையாளர்களை நோக்கி நின்று, கிளிக்கரை வயிற்றுக்கு முன்னால் பிடித்திருக்கிறார், லேப்டாப் அவருக்குப் பின்னால் மேடை மூலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 8 மீட்டர்தான் என்றாலும், அலை அவருடைய உடலைச் சுற்றியோ சுவர்களில் பட்டுத் திரும்பியோதான் ரிசீவரை அடைய வேண்டும். அவர் பக்கவாட்டில் திரும்பிய கணமே ஸ்லைடு நகர்கிறது என்றால் காரணம் வேறெங்கும் இல்லை.

சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். நேரே வந்த அலையும் சுவரில் பட்டு வந்த அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். மேடையில் ஒரே இடத்தில் அழுத்தினால் வேலை செய்யாமல், அரை அடி நகர்ந்து அழுத்தினால் வேலை செய்வதற்கு இதுவே காரணம். நகர்ந்தால் சரியாகிறது என்பது கருவி நலமாக இருக்கிறது, சிக்னல் மட்டும் விளிம்பில் இருக்கிறது என்பதன் தெளிவான அடையாளம்.

காலையில் காலி அரங்கில் சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை. ஆட்கள் நிறைந்ததும் மூன்றில் ஓர் அழுத்தல் தவறுகிறது. என்ன நடக்கிறது?

இதே நிலையில் நான் நாள் முழுவதும் போராடிய ஓர் அரங்கை முன்வைத்துச் சொல்கிறேன். மேடையின் முன் விளிம்பிலிருந்து பின்புறக் கட்டுப்பாட்டு அறை வரை 25 மீட்டர். லேப்டாப் அந்த அறையில் ஓர் இரும்பு மேசை மேல் இருந்தது. ரிசீவர் அதன் பின்பக்கப் போர்ட்டில், மேசையின் விளிம்புத் தகட்டுக்குக் கீழே மறைந்திருந்தது. அதற்குப் பக்கத்துப் போர்ட்டில் நிகழ்வைப் பதிவுசெய்ய ஒரு வெளி ஹார்டு டிஸ்க். ஒத்திகையில் 20 முறை அழுத்தி, 20 முறையும் ஸ்லைடு நகர்ந்தது. நாற்காலிகள் நிறைந்த பிறகு 20 அழுத்தலில் 13 மட்டுமே பலித்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது வியப்பில்லை. 1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபெல்லில் எண்ணினால், 25 மீட்டர் வெற்று வெளியைக் கடப்பதற்கே 68 டெசிபெல் இழப்பாகிறது. இவ்வகை ரிசீவர்கள் ஏறக்குறைய −85 வரைதான் காது கொடுக்கும். ஆக, கையில் மிஞ்சியிருப்பது 17 டெசிபெல். ஒவ்வொரு 10 டெசிபெல் இழப்பும் சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும் என்பதை நினைவில் கொண்டால், இந்த 17 எவ்வளவு மெல்லிய இருப்பு என்பது புரியும். கருவியை மூடிப் பிடிக்கும் உள்ளங்கையும் ரிசீவரை மறைக்கும் இரும்பு மேசையும் சேர்ந்து அதில் பாதிக்கு மேல் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு. ஒத்திகையில் மீதியை வைத்துச் சமாளித்தோம். அப்புறம் நானூறு உடல்கள் குறுக்கே வந்து அமர்ந்தன; அவர்களோடு நானூறு கைப்பேசிகளும் வந்தன. அவற்றின் வைஃபையும் புளூடூத்தும் பேசுவது இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான். சிக்னல் இறங்கியது, இரைச்சல் ஏறியது, இருப்பு தீர்ந்தது.

முதல் இடைவேளையில் நான் செய்தது, கிளிக்கரை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்று அழுத்திப் பார்த்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. மென்பொருளும் பொத்தானும் ரிசீவரும் நலம் என்பது அத்தோடு உறுதியானது. அடுத்த அமர்வு தொடங்குவதற்கு முன், ஆட்கள் திரும்பி வந்து அமர்ந்த நிலையில், மேடையிலிருந்து கிளிக்கரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அழுத்தினேன். தவறுதல் கண்கூடாகக் குறைந்தது. தடை பார்வையாளர்களின் உடல்கள்தான் என்பதற்கு அது சான்று. மூன்றாவதாக, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினேன், இன்னும் குறைந்தது. ரிசீவரை ஒரு 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் கோத்து, கட்டுப்பாட்டு அறையின் முன் சட்டத்தில் தலை உயரத்துக்கு மேல் ஒட்டியபோது 20-க்கு 19 கிடைத்தது.

19 போதாது. தவறும் அந்த ஒன்றில் பேச்சாளர் நின்று, திரையைத் திரும்பிப் பார்த்து, மறுபடி அழுத்துகிறார். அவர் சொல்லிவந்த வாக்கியம் அங்கே அறுந்துபோகிறது. ஆகவே மதிய உணவு வேளையில் சுவரோரமாக ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, அதன் இரு முனைகளிலும் யுஎஸ்பி எக்ஸ்டென்டர் பெட்டிகளைப் பொருத்தி, ரிசீவரையே மேடையின் முன் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டேன். பேச்சாளருக்கும் ரிசீவருக்கும் இடையே இப்போது 6 மீட்டர், குறுக்கே யாரும் இல்லை. 6 மீட்டருக்கு வெளி இழப்பு ஏறக்குறைய 56 டெசிபெல். இருப்பு 17-லிருந்து 29 ஆனது. சிக்னல் 17 மடங்கு பெருகியதற்கு இது சமம். ரிசீவரைச் சுற்றியிருந்த இரும்பும் கூட்டமும் விலகிய ஆதாயம் தனி. மாலை வரை ஓர் அழுத்தலும் தவறவில்லை.

அப்படியானால் ரிசீவரை நகர்த்துவதா, லேப்டாப்பையே மேடைக்குக் கொண்டுபோவதா?

இரண்டும் சரிதான். எந்தக் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். மேடையிலிருந்து புரொஜெக்டருக்குப் படம் போகும் இணைப்பு அரங்கில் நிரந்தரமாக இருந்தால், லேப்டாப்பை மேடைப் போடியத்தில் வைப்பதே எளிது. அப்படி வைக்கும்போதும் போடியத்தின் உள்தட்டில் மூடி வைக்காதீர்கள். உலோகப் போடியமானால் ரிசீவர் ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டதற்குச் சமம்.

ரிசீவரை மட்டும் நகர்த்துவதானால் கேபிள் நீளத்தில் கவனம் வேண்டும். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டரே வரம்பு. அதற்கு மேல் போனால் ரிசீவர் சில நேரம் தென்படும், சில நேரம் மறையும். கண்டுபிடிக்க மிகவும் எரிச்சலூட்டும் கோளாறு அது. 5 மீட்டருக்கு மேல் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ஆக்டிவ் கேபிள்கள் உண்டு; அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்துக்கு மேல் கோக்க முடியாது. அதையும் தாண்டிய தூரத்துக்கு, நான் மேலே சொன்னதுபோல் நெட்வொர்க் கேபிளில் யுஎஸ்பியைக் கடத்தும் எக்ஸ்டென்டர் ஜோடிதான் வழி. ரிசீவர் அனுப்பும் தரவு மிகமிகக் குறைவு என்பதால், வேகம் குறைந்த எளிய எக்ஸ்டென்டரே போதும். வீடியோவுக்கு ஆகாத பெட்டிகூட இதற்கு நன்றாக ஆகும்.

பக்கத்துப் போர்ட்டில் ஹார்டு டிஸ்க் இருந்தால் கிளிக்கருக்கு என்ன கேடு?

யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்திலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவலாக விழுகிறது. டிஸ்க்கும் அதன் கேபிளும் இணைப்பு முனையும் சிறிய ஆன்டெனாக்கள்போல் அதை வெளியிடுகின்றன. இதை விளக்கி இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ரிசீவர் அந்த இரைச்சலுக்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் அமர்ந்துகொண்டு, 25 மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒரு முணுமுணுப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே கைக்கருவிக்கு எந்தக் குறையும் இல்லை. ரிசீவரின் காதுதான் அடைக்கப்பட்டிருக்கிறது.

டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் கிளிக்கர் தடுமாறி, எழுதி முடித்ததும் சரியானால் ஐயமே வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைப்பது இதற்கு முழுமையான மருந்து. என் பையில் இந்த ஒரு மீட்டர் கேபிள் எப்போதும் இருக்கும்; விலை உயர்ந்த கிளிக்கரைவிட அது அதிகமுறை கைகொடுத்திருக்கிறது. அதே காரணத்தால், வைஃபை ரூட்டரின் பக்கத்திலும் ரிசீவரை வைக்கக் கூடாது. அரங்கின் ரூட்டர் உங்கள் பொறுப்பில் இருந்தால், நிகழ்வு முடியும் வரை அதை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயக்குவது நல்லது.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு ஸ்லைடுகள் தாவுகின்றனவே?

பெரும்பாலான நேரங்களில் அழுத்தியது இரண்டு முறைதான். முதல் அழுத்தல் மறுமுயற்சிகளில் சிக்கிச் சற்றுத் தாமதிக்கிறது. நகரவில்லையே என்று பேச்சாளர் மறுபடி அழுத்துகிறார். இரண்டும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்கின்றன. ரிசீவர் ‘கிடைத்தது’ என்று சொன்ன பதில் வழியில் தொலைந்து, கைக்கருவி அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பினாலும் தாவல் நேராது. வரிசை எண்ணைப் பார்த்து ரிசீவர் நகலைத் தள்ளிவிடும். ஆகவே தாவல் பிரச்சினையையும் தூரப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு சிக்னலைச் சீர்செய்யுங்கள். ரிசீவருக்கு ஒரு மீட்டர் அருகில் நின்று அழுத்தும்போதும் தாவினால் மட்டும், பொத்தானின் அடியிலுள்ள தொடுமுனை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கோளாறு ரேடியோவிலா, லேப்டாப்பிலா என்று அரை நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பல பக்கங்கள் கொண்ட ஏதேனும் ஓர் ஆவணத்தை லேப்டாப்பில் திறந்து, ரிசீவருக்கு அருகில் நின்று பொத்தானை அழுத்துங்கள். பக்கம் நகர்ந்தால் கைக்கருவியும் ரிசீவரும் நலம். பிறகு ஸ்லைடு காட்சிக்குத் திரும்பி அதே இடத்தில் நின்று அழுத்துங்கள். அங்கே மட்டும் நகரவில்லை என்றால், வேறொரு சாளரம் முன்னே வந்து விசை அழுத்தத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஓர் அறிவிப்புப் பெட்டி போதும் இதற்கு. ஸ்லைடின் மேல் ஒருமுறை மவுஸால் சொடுக்கினால் சரியாகிவிடும். இரண்டு இடங்களிலும் அருகில் நகர்ந்து, மேடையில் மட்டும் நகராவிட்டால் அது ரேடியோ.

சற்று நேரம் பேசிவிட்டு அழுத்தும் முதல் அழுத்தல் மட்டும் தவறி, அடுத்தவை ஒழுங்காக நகர்ந்தால் விண்டோஸின் மின்சிக்கன அமைப்பையும் பாருங்கள். பவர் அமைப்புகளில் `USB selective suspend setting` என்பதை `Disabled` ஆக்கிவிட்டு மறுபடி சோதிக்கலாம்.

பேட்டரி பலவீனமானால் தூரம் குறையுமா?

குறையலாம். லேசர் எரிவதை வைத்துப் பேட்டரியை எடைபோடவும் கூடாது. லேசரை அழுத்தியபடியே ஸ்லைடை மாற்றினால் தவறுகிறது, லேசரை விட்டுவிட்டு மாற்றினால் நகர்கிறது என்றால், இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப் பேட்டரியில் வலு இல்லை என்று பொருள். இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம்.

எல்இடி சுவரில் லேசர் புள்ளி தெரிவதே இல்லை. இதற்கும் ரிசீவர்தான் காரணமா?

இல்லை. புரொஜெக்டர் திரை தன் மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கும் வெண்பரப்பு. அதனால் புள்ளி எல்லோருக்கும் தெரிகிறது. எல்இடி சுவரின் பரப்போ பெரும்பகுதி கறுப்பு. விழும் ஒளியை விழுங்கிக்கொண்டு, தானும் பிரகாசமாக ஒளிர்கிறது. அங்கே மென்பொருள் வழியாகத் திரையில் புள்ளி வரையும் டிஜிட்டல் பாயின்டர் உள்ள கருவிகள்தான் பயன்படும்.

அந்தப் பாயின்டர் முழுக்க ரேடியோவை நம்பியிருக்கிறது. பொத்தான் அழுத்தலுக்கு எப்போதாவது ஒரு பொட்டலம் போதும். நகரும் புள்ளிக்கோ இடைவிடாமல் பொட்டலங்கள் போய்க்கொண்டிருக்க வேண்டும். எனவே சிக்னல் நலியும்போது ஸ்லைடு மாற்றம் நிற்பதற்கு வெகு முன்பே புள்ளி திக்கித் திக்கி நகரத் தொடங்கும். இப்படிப்பட்ட கருவி கையில் இருந்தால், அரங்கு நிறைந்த பிறகு மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புள்ளியை வட்டமாகச் சுழற்றியபடியே நடந்து பாருங்கள். வட்டம் எங்கே உடைகிறதோ அங்கே நின்று, கிளிக்கரை உடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிடித்துப் பார்த்து, ரிசீவரை எந்தத் திசைக்கு நகர்த்த வேண்டும் என்று முடிவுசெய்யலாம்.